பின்னுக்குத் தொய்ந்த முழங்கால்: பின் சிலுவைத் தசைநார்க் காயம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 32 வயதான ஆண். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. மழையில் நனைந்திருந்த சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று பிரேக் பிடித்தபோது வண்டி சறுக்கியது. மடங்கிய நிலையில் இருந்த வலது முழங்கால் நடுத்தடுப்பின் விளிம்பில் முன்பக்கமாக மோதியது. அவரே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வீடுவரை ஓட்டிச் சென்றிருக்கிறார். மூட்டுக்குள் ஏதோ அறுந்தது போன்ற சத்தம் எதுவும் கேட்கவில்லை. மாலையில் முட்டி சற்றே வீங்கியது. ஆனால் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்துவைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களிடம் சில மணி நேரத்திலேயே காணப்படும் இறுக்கமான, பெரிய வீக்கம் இல்லை. முழங்காலின் பின்குழியில் ஒரு மந்தமான வலியும், காலை முழுதாக மடக்க முடியாமையும் மட்டுமே இருந்ததால் நான்கைந்து நாட்கள் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறார்.

வலி தணியாததால் முதலில் பார்த்த மருத்துவமனையில், கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்துவிட்டு, முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் இரண்டாவது கருத்துக் கேட்டு அவர் வந்தது விபத்து நடந்த ஒன்பதாம் நாள். அவருடைய முதற்கேள்வி அறுவை சிகிச்சையைப் பற்றியதாக இல்லை. "படி இறங்கறப்ப மட்டும் காலு நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குது சார், அது ஏன்?" என்றுதான் கேட்டார். நோயின் பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. முன் சிலுவைத் தசைநார் இல்லாத கால் பெரும்பாலும் திரும்பும்போதும் திசை மாற்றும்போதும் நழுவும். பின் சிலுவைத் தசைநார் தளர்ந்த கால் மடங்கிய நிலையில் எடை தாங்கும்போது, குறிப்பாகப் படியிலும் சரிவிலும் இறங்கும்போது, நம்பிக்கையில்லாமல் இருக்கும்.

மற்றொரு பாதி விடை தோலின்மேல் இருந்தது. முழங்கால் சில்லின்மேல் காயம் இல்லை. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டின் மீது, காய்ந்துகொண்டிருந்த சிராய்ப்பு ஒன்று இருந்தது. அடி எங்கே விழுந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

காயம் நேரும் விதம்

பி.சி.எல். என்று பரவலாகச் சுருக்கி அழைக்கப்படும் பின் சிலுவைத் தசைநார், தொடை எலும்பின் உட்புறக் குமிழிலிருந்து புறப்பட்டு, மூட்டின் நடுவே பின்னோக்கிச் சரிந்து இறங்கி, கீழ்க்கால் எலும்பின் பின்புறத்தில், மூட்டுப் பரப்புக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே சென்று பதிகிறது. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்குப் பின்னால் நழுவிவிடாமல் பிடித்துவைப்பது அதன் முதன்மையான பணி. முழங்காலை 90 பாகைக்கு மடக்கிய நிலையில் பின்னோக்கிய நழுவலைத் தடுக்கும் விசையில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இந்த ஒரு தசைநாரே தாங்குகிறது என்று பட்லர், நாய்ஸ், குரூட் ஆகியோர் 1980இல் அளந்து காட்டினர். இதன் இரண்டு கற்றைகளில் பெரியதான முன்வெளிக் கற்றை, கால் மடங்கும்போது இறுகுகிறது. சிறியதான பின்உட்கற்றை கால் நீளும்போது இறுகுகிறது. ஆகவே மடங்கிய முழங்காலில் முன்னிருந்து பின்னோக்கி ஓர் அடி விழுந்தால், அப்போது இறுகி நிற்கும் பெரிய கற்றைதான் முதலில் அந்த அடியை வாங்குகிறது.

மோதும்போது பாதம் எப்படி இருந்தது என்பதும் முக்கியம். மடங்கிய முழங்காலில் விழுபவரின் பாதம் மேல்நோக்கி மடங்கியிருந்தால் தரையில் முதலில் படுவது சில்லு. அடி தொடை எலும்புக்குப் போகிறது, சில்லு உடையலாம், ஆனால் தசைநார் பெரும்பாலும் தப்பிவிடும். பாதம் பின்னோக்கி நீண்டு, விரல்நுனி தரையைத் தொடும் நிலையில் இருந்தால் முதலில் படுவது கீழ்க்கால் எலும்பின் முன்மேடு. முழு விசையும் அந்த எலும்பைப் பின்னே தள்ளுகிறது. காரின் முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் மோதலின்போது டாஷ்போர்டில் அடிபடுவதும் இதே கணக்குத்தான். நம் ஊர்களில் அந்த இடத்தை இருசக்கர வண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது: ஸ்கூட்டரில் அமர்ந்திருப்பவரின் முழங்கால் 90 பாகையை ஒட்டி மடங்கியே இருக்கிறது, அதற்கு முன்னால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 494 நோயாளிகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஒரு ஜெர்மானியத் தொகுப்பில்கூடச் சாலை விபத்துகளே விளையாட்டுக் காயங்களைவிடச் சற்று அதிகமாக இருந்தன. அவற்றிலும் மோட்டார் சைக்கிள் விபத்துகளே முன்னணியில் நின்றன.

வேறு இரண்டு வழிகளிலும் இந்தத் தசைநார் காயப்படும். கால் அளவுக்கு மீறி மடங்கி நசுங்குவது ஒன்று. அதில் பெரும்பாலும் பகுதிக் கிழிவுதான் நேரும். அளவுக்கு மீறிப் பின்னோக்கி நீண்டு வளைவது மற்றொன்று. அதில் பிற தசைநார்களும் சேர்ந்து அறுவது வழக்கம் என்பதால், அந்த வரலாற்றைக் கேட்டவுடனே எச்சரிக்கை கொள்ள வேண்டும். நம் நோயாளியின் வரலாறு முதலில் சொன்ன நேரடி அடி வகையைச் சேர்ந்தது, அதுவே தனித்த காயமாக இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பைத் தந்தது.

தொடுவதற்கு முன் பார்த்தது

பரிசோதனை தொடங்கியது காலில் அல்ல, பாதத்தில். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னாலும் நாடித்துடிப்பு இரு கால்களிலும் சமமாக இருந்தது. பாதத்தை மேலே தூக்க முடிந்தது. விரலிடுக்கில் உணர்வு இயல்பாக இருந்தது. முழங்காலின் பின்குழித் தமனி இந்தத் தசைநார் பதியும் இடத்துக்கு நேர் பின்னால் ஓடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார்கள் அறுந்த முழங்கால், விபத்தின் கணத்தில் முழுதாக விலகித் தானே மீண்டும் சேர்ந்துகொண்டதாக இருக்கலாம் என்பதால், இந்தச் சில நிமிடங்களைத் தவிர்க்கலாகாது.

பிறகு அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் 90 பாகைக்கு மடக்கி, பாதங்களைக் கட்டிலில் ஒரே வரிசையில் ஊன்றச் செய்தோம். தசைகளைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, பரிசோதிப்பவர் குனிந்து, தன் கண்ணை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. இடது காலில் சில்லின் கீழ்முனையிலிருந்து முன்மேடு வரையிலான கோடு சற்றே முன்தள்ளி இறங்கியது. வலது காலில் அந்தக் கோடு சில்லுக்குக் கீழே உள்வாங்கி, ஒரு சிறிய பள்ளமாகத் தெரிந்தது. யாரும் தள்ளவில்லை, கீழ்க்காலின் சொந்த எடையே எலும்பைப் பின்னுக்கு இறக்கியிருந்தது. இதுவே பின்தொய்வு. இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, குதிகால்கள் இரண்டையும் ஒருவர் கையில் தாங்கிப் பிடித்தபோது, அதாவது காட்ஃப்ரே சோதனையில், இந்த வேறுபாடு அறையின் மறுமூலையில் நின்றிருந்த அவருடைய மனைவிக்கே தெரிந்தது.

கண் காட்டியதைக் கட்டைவிரலால் அளக்கலாம். 90 பாகையில் மடங்கிய இயல்பான முழங்காலில், கீழ்க்கால் எலும்பின் உட்புற மேற்பரப்பு, தொடை எலும்பின் உட்குமிழைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்தள்ளி, ஒரு சிறு படிபோல நிற்கும். மூட்டுக் கோட்டின்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழாக நகர்த்தினால் அந்தப் படி தட்டுப்படும். பின் இழுப்பறைச் சோதனையில், பாதத்தை அசையாமல் வைத்து, இரு கைகளாலும் கீழ்க்காலின் மேற்பகுதியைப் பிடித்து, கட்டைவிரல்கள் அந்தப் படியின்மேல் இருக்கும்படி பின்னோக்கி அழுத்துகிறோம். மறுகாலோடு ஒப்பிடுகையில் 5 மில்லிமீட்டர் வரை கூடுதலாகப் போய், படி இன்னும் தட்டுப்பட்டால் முதல் நிலை. 5 முதல் 10 வரை போய், இரு எலும்புகளும் சமமாகிப் படி மறைந்தால் இரண்டாம் நிலை. 10ஐத் தாண்டி, கீழ்க்கால் எலும்பு குமிழுக்கே பின்னால் போய்விட்டால் மூன்றாம் நிலை. அப்போது முழங்காலின் பின்வெளி மூலையில் உள்ள தசைநார்க் கட்டமைப்பும் சேர்ந்து அறுந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு தேட வேண்டும். நம் நோயாளியின் இடது முழங்காலில் படி தெளிவாக இருந்தது. வலதில் அழுத்தியபோது கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு நேராக இறங்கியது. ஆனால் குமிழுக்குப் பின்னால் போகவில்லை. இரண்டாம் நிலை.

அனுபவமுள்ள கைகளில் இந்தச் சோதனை நம்பத்தக்கது. 1994இல் வெளியான, பரிசோதிப்பவர்களுக்கு நோயாளியின் நிலை சொல்லப்படாமல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், பழைய கிழிவுகளைக் கண்டறிவதில் மருத்துவப் பரிசோதனையின் துல்லியம் 96 விழுக்காடாக இருந்தது. ஆனால் அது பழைய காயங்களுக்கான கணக்கு. புதிய காயத்தில் வலியால் பின்தொடைத் தசையும் முன்தொடைத் தசையும் விறைத்துக்கொள்ளும். அப்போது கிடைக்கும் இயல்பான விடையை ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்காமல் ஏற்கக் கூடாது. ஒன்பதாம் நாள் என்பது இவர் விஷயத்தில் நல்ல காலமாகவே அமைந்தது.

தவறான திசையில் காட்டிய சோதனை

முதல் மருத்துவமனையில் கிடைத்த கண்டறிதல் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் காயத்தில் மிக அடிக்கடி நேரும் குழப்பம் இதுதான். பாதி வெளியே இழுத்து வைத்திருக்கும் மேசை இழுப்பறையும், முழுதாக உள்ளே தள்ளி வைத்திருக்கும் இழுப்பறையும், இழுக்கும்போது கடைசியில் ஒரே இடத்தில்தான் தடைபட்டு நிற்கும். ஆனால் உள்ளிருந்து தொடங்கியது அதிக தூரம் வந்ததாகக் கைக்குத் தோன்றும். பின்னுக்குத் தொய்ந்திருந்த கீழ்க்காலை முன்னே இழுத்தவர், அது தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிய தூரத்தை, முன் சிலுவைத் தசைநாரின் தளர்ச்சி என்று எண்ணிவிட்டார். முழங்காலைச் சற்றே மடக்கிச் செய்யும் லாக்மேன் சோதனையிலும் இதே ஏமாற்றம் நேரும்.

இதைப் பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, முன்னே இழுக்கும்போது இறுதியில் கிடைக்கும் தடையைக் கவனிப்பது. நம் நோயாளியின் கால் முன்னே வந்து, கயிறு சட்டென்று இறுகியதுபோல உறுதியாக நின்றது. முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தால் அந்த முடிவு மென்மையாகக் கரைந்து போயிருக்கும். இரண்டாவது, கால் தொடங்கும் இடத்தையே நோயாளியின் தசையைக் கொண்டு காட்டவைப்பது. முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, பாதத்தை மேசையோடு பிடித்துக்கொண்டு, பாதத்தைக் கட்டிலில் முன்னோக்கித் தள்ளச் சொன்னோம். முன்தொடைத் தசை இறுகியதும், சில்லுத் தசைநாண் வழியாக அது கீழ்க்கால் எலும்பை முன்னே இழுத்தது. தொய்ந்திருந்த எலும்பு கண்முன்னே எழுந்து வந்து இடது காலின் வடிவத்தை அடைந்தது. டேனியல் 1988இல் விவரித்த இந்தச் சோதனையில் 2 மில்லிமீட்டர் முன்நகர்வே போதுமான அடையாளம். இவரிடம் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எந்த முழங்காலையும் முன்னே இழுப்பதற்கு முன், அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. இழுத்த பிறகு அதைப் பார்க்க முடியாது.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலை உள்ளும் வெளியும் வளைத்துப் பார்த்ததில் பக்கத் தசைநார்கள் உறுதியாக இருந்தன. குப்புறப் படுக்கவைத்து 30 பாகையிலும் 90 பாகையிலும் பாதங்களை வெளிப்புறம் திருப்பிப் பார்த்ததில் இரு கால்களும் சமமாகத் திரும்பின. இதில் 10 பாகைக்கு மேல் வேறுபாடு இருந்திருந்தால் பின்வெளி மூலை காயப்பட்டிருக்கும், சிகிச்சையும் வேறாகியிருக்கும். எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பின் பின்புறத்திலிருந்து பெயர்ந்த துண்டு எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் பின் சிலுவைத் தசைநாரின் நடுப்பகுதியில் கிழிவும் வீக்கமும் தெரிந்தன. முன் சிலுவைத் தசைநார் கறுத்த, தொடர்ச்சியான பட்டையாக நலமாக இருந்தது. இரு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ்கள் இரண்டும் நலம். புதிய காயத்தில் எம்.ஆர்.ஐ. மிகவும் நம்பகமானது. மாதங்கள் கடந்த பிறகு அதை அவ்வளவு நம்ப முடியாது. நீண்டு தளர்ந்த நிலையில் ஆறிய தசைநார் படத்தில் தொடர்ச்சியாகவே தெரியும், ஆனால் கால் தொய்ந்தபடியே இருக்கும்.

ஏன் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றோம்

அறுந்தது ஒரு தசைநார் என்றவுடன் அதை மீண்டும் கட்ட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. முன் சிலுவைத் தசைநாரைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பதால் அந்த எண்ணம் வலுப்பட்டும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மூட்டுக்குள் இருந்தும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. முன் சிலுவைத் தசைநார் அறுந்தால் அதன் முனைகள் மூட்டுநீரில் விலகி மிதக்கின்றன. அவை ஒன்றையொன்று சென்று சேர்வது அரிது. பின் சிலுவைத் தசைநாருக்குப் பின்புறத்தில் தடித்த உறையும் நல்ல இரத்த ஓட்டமும் உண்டு, நார்கள் அறுந்தாலும் முனைகள் அதிகம் விலகுவதில்லை, முன்னும் பின்னும் செல்லும் சிறு மெனிஸ்கஸ் தசைநார்களும் ஒரு தாங்கலாக நிற்கின்றன. ஆகவே தனித்த கிழிவுகளில் பெரும்பாலானவை தொடர்ச்சி பெற்று ஆறுகின்றன. ஆறுமா என்பதைவிட, எந்த நீளத்தில் ஆறும் என்பதே இங்கே உண்மையான கேள்வி.

மேலும், அன்றாட நடையில் இந்தத் தசைநாருக்கு வேலை குறைவு. நடக்கும்போது எடை தாங்கும் கால் ஏறத்தாழ நேராக இருக்கிறது. நேரான நிலையில் மூட்டின் பின்உறையும் பின்வெளி மூலையும் பின்நழுவலைத் தடுக்கின்றன. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அதன்மேல் எடை இறங்கும்போது எலும்பு முன்னே தள்ளப்படுகிறது. முன் சிலுவைத் தசைநார் இல்லாதவருக்குத் தொல்லையாகும் அந்தச் சரிவு, இவருக்கு உதவியாகிறது. இவற்றோடு முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் எலும்பை முன்னே இழுத்துப் பிடிக்கிறது. சோதனை மேசையில் தளர்ந்து கிடக்கும் முழங்கால், நடையில் உறுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நெடுங்காலத் தொடர்கவனிப்பும் இதையே சொல்கிறது. ஷெல்போர்னும் அவருடைய குழுவினரும் தனித்த பின் சிலுவைக் காயமுள்ள 133 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட முடிவில், தளர்ச்சி எந்த அளவு என்பதற்கும் நோயாளி தன் காலை எப்படி உணர்கிறார் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தவர்களை மறுபடி பார்த்து 2013இல் அவர்கள் வெளியிட்டதில், மிதமான அல்லது கடுமையான மூட்டுத் தேய்மானம் 11 விழுக்காட்டினரிடம் இருந்தது. அந்த 11 விழுக்காட்டையும் நோயாளியிடம் மறைக்காமல் சொன்னோம். தேய்மானம் வருமானால் அது மூட்டின் உட்பாதியிலும் சில்லின் பின்புறத்திலும்தான் முதலில் வரும்: கீழ்க்கால் பின்னே போனால், அதை முன்னே இழுக்க முன்தொடைத் தசை கூடுதலாக உழைக்கிறது, அந்த உழைப்பு சில்லைத் தொடை எலும்பின்மேல் அழுத்துகிறது.

மறுபக்கத்தில், அறுவை சிகிச்சை தரக்கூடியது எவ்வளவு என்பதையும் எடைபோட வேண்டும். மாற்றுத் தசைநாரைக் கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பில் கூர்மையான ஒரு திருப்பத்தில் வளைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அங்கே உராய்ந்து அது நீண்டுவிடுவதுண்டு. துளையிடும் முனைக்கு மிக அருகில் பின்குழித் தமனி ஓடுகிறது. எல்லாம் நன்றாக முடிந்தாலும் முதல் நிலை அளவுக்குத் தளர்ச்சி எஞ்சுவது சாதாரணம். இரண்டாம் நிலையில் இருக்கும் ஒருவரை இத்தனை இடர்களின் வழியே முதல் நிலைக்குக் கொண்டுவருவதைவிட, பிரேஸும் பயிற்சியும் அதே இடத்துக்குக் கொண்டுவருமா என்று முதலில் பார்ப்பதே நியாயமாகப் பட்டது.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. எலும்புத் துண்டோடு பெயர்ந்து விலகியிருந்தால் அதைத் திருகாணியால் பொருத்திவிடுவது நல்லது, அதுவும் சில வாரங்களுக்குள். பின்வெளி மூலையோ பிற தசைநாரோ சேர்ந்து அறுந்திருந்தால் அறுவை சிகிச்சையே வழி. முறையான பயிற்சிக்குப் பிறகும் கால் நழுவிக்கொண்டே இருக்கும் மூன்றாம் நிலைக்காரர்களுக்கும் அது தேவைப்படலாம்.

சிகிச்சை: புவியீர்ப்பை எதிர்த்து

பின்தொய்வாக நம் கண்ணுக்குத் தெரிந்த அதே விசை, தசைநார் ஆறும் வாரங்களிலும் இடைவிடாமல் செயல்படுகிறது. மல்லாந்து படுக்கும் ஒவ்வோர் இரவும் கீழ்க்காலைப் பின்னே இறக்கி, புதிதாக இணையும் நார்களை நீட்டிவிடும். ஆகவே இந்தச் சிகிச்சையின் ஒவ்வொரு விவரமும் அந்தத் தொய்வைத் தடுப்பதற்கானது. வில்விசையால் கீழ்க்காலை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும் தனி வகைப் பிரேஸ் ஒன்று உண்டு. நான்கு மாதம் அதை அணிந்த 21 பேரிடம் பின்தொய்வு சராசரி 7.1 மில்லிமீட்டரிலிருந்து ஓராண்டில் 2.3ஆகக் குறைந்ததாக 2010இல் யாக்கோபி குழுவினர் காட்டினர். அதன் விலை இவருக்குக் கட்டுப்படியாகவில்லை. சாதாரண நீளப் பிரேஸை நேரான நிலையில் பூட்டி, கெண்டைச் சதையின் மேற்பகுதிக்குப் பின்னால், பிரேஸுக்குள், மடித்த டவல் ஒன்றை வைத்தோம். டவல் கெண்டைச் சதையின் கீழ்ப்பகுதிக்கு நழுவிவிட்டால் பயனில்லை என்பதால், அது இருக்க வேண்டிய இடத்தைத் தோலில் பேனாவால் கோடிட்டுக் காட்டினோம். படுக்கும்போது குதிகாலுக்கு மட்டும் தலையணை வைக்க வேண்டாம் என்றும் சொன்னோம். குதிகாலும் தொடையும் தாங்கப்பட்டு நடுவில் கீழ்க்காலின் மேற்பகுதி அந்தரத்தில் நின்றால், அது பின்னுக்குத் தொய்கிறது.

முதல் மூன்று வாரம் பிரேஸ் பயிற்சிக்காக மட்டுமே கழற்றப்பட்டது. மடக்கும் பயிற்சி முழுவதும் குப்புறப் படுத்த நிலையில் நடந்தது. அந்த நிலையில் புவியீர்ப்பு கீழ்க்காலை முன்னோக்கி இழுப்பதால் அது நமக்குத் துணையாகிவிடுகிறது. மடக்கியது பிசியோதெரபிஸ்டின் கை, நோயாளியின் தசை அல்ல. பின்தொடைத் தசை சுருங்கினால் அது கீழ்க்காலை நேராகப் பின்னே இழுக்கும் என்பதால், அதைத் தனியாக இயக்கும் பயிற்சிகள் நான்கு மாதம் தள்ளிவைக்கப்பட்டன. ஆறாம் வார முடிவில் மடக்கம் 90 பாகையை எட்டியது. அதற்கு முன் அதைத் தாண்டவிடவில்லை. வீட்டில் இந்தியக் கழிப்பறை இருந்தது. குத்த வைத்து உட்காருவது ஆறும் தசைநாரை நேரடியாக இழுக்கும் என்பதால், நடுவில் துளையுள்ள நாற்காலி ஒன்று வாங்கச் சொன்னோம். மருந்துச்சீட்டில் எழுதியவற்றில் மிக முக்கியமானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சம்மணமிட்டு உட்காருவதும் நிறுத்தப்பட்டது.

முன்தொடைத் தசைக்கு முதல் நாளிலிருந்தே வேலை கொடுத்தோம். பிரேஸுக்குள் தசையை இறுக்கிப் பிடிப்பது, காலை நேராகத் தூக்குவது, பிறகு சுவரில் சாய்ந்து 45 பாகை வரை மட்டும் இறங்கி எழுவது, மூன்றாம் மாதத்திலிருந்து தாழ்வான படியில் மெதுவாக இறங்குவது என்று படிப்படியாகப் போனது. இந்தத் தசையின் வலிமைதான் அவருடைய புதிய தசைநார் என்று அவருக்கு விளங்கியதும், பயிற்சிக்கு வற்புறுத்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

கடினமாக இருந்தது தொழில். தரையில் டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுவதும் மண்டியிட்டோ குத்தவைத்தோ இருக்கிறார். மண்டியிடும்போது உடலின் எடை முன்மேட்டின் வழியாகக் கீழ்க்காலைப் பின்னே தள்ளுகிறது; ஒவ்வொரு முறையும் அது விபத்தின் சிறிய மறுபதிப்பு. ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது சுவர் வேலையும், நின்றபடி மேசைமேல் வைத்து டைல்ஸ் வெட்டும் வேலையும் மட்டுமே செய்ய மேஸ்திரி ஒப்புக்கொண்டார். தரை வேலைக்கு ஓராண்டு கழித்தே அனுமதித்தோம்; அப்போதும் வலது முழங்காலை ஊன்றாமல், இடது முழங்காலை மட்டும் தடித்த பட்டையின்மேல் ஊன்றி, வலது பாதத்தை முன்னே வைத்து அமரும்படி கேட்டுக்கொண்டோம்.

ஓராண்டுக்குப் பின்

மண்டியிட்ட நிலையில் எடுக்கும் அழுத்த எக்ஸ்ரே, தொய்வை மில்லிமீட்டரில் தரும். ஆனால் ஆறும் தசைநாரை அது இழுக்கும் என்பதால் தொடக்கத்தில் அதை எடுக்கவில்லை. எனவே முன்னும் பின்னும் ஒப்பிட நம்மிடம் கட்டைவிரலின் கணக்கு மட்டுமே உண்டு. ஆறாம் மாதம் எடுத்ததில் இடது காலைவிட வலதில் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. இந்த எக்ஸ்ரேயில் 8 முதல் 11 வரை தனித்த முழுக் கிழிவுக்கும், 12க்கு மேல் கூட்டுக் காயத்துக்கும் உரியதாகக் கொள்ளப்படுவதால், பகுதித் தளர்ச்சியோடு ஆறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஓராண்டில் பின் இழுப்பறைச் சோதனையில் படி மீண்டும் தட்டுப்பட்டது. தள்ளும்போது முடிவில் உறுதியான தடை இருந்தது. கூர்ந்து பார்ப்பவருக்கு மெல்லிய தொய்வு இன்னும் தெரியும். அது போகாது. முன்தொடைத் தசையின் வலிமை இடது காலில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு வந்திருக்கிறது. படி இறங்குவதில் சிக்கல் இல்லை. சிமெண்ட் மூட்டையோடு இறங்கும் நாட்களில் மட்டும் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறார்.

அந்த வலியை நாங்கள் கவனித்து வருகிறோம். முன்தொடைத் தசையின் வலிமை குறைந்த மாதங்களில் அது கூடுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பெரும்பாலும் பயிற்சியை விட்டதுதான் காரணமாக இருக்கும். பயிற்சி குறையாமல் இருந்தும் வலி உட்புற மூட்டுக்கோட்டுக்குப் பரவினாலோ, சரிவில் கால் நழுவத் தொடங்கினாலோ, அழுத்த எக்ஸ்ரேயை மறுபடி எடுத்து, நின்ற நிலையில் இரு முழங்கால்களின் எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்த்து, அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சை அப்போது மீண்டும் தொடங்குவோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.